வேலூரில் மாநாடு முடிந்தது, கையில் இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மாநாடு, பல்கலைக்கழகக் கருத்தரங்கு, தோல் தொழில் துறைக் கூட்டம் என்று வேலூருக்கு வருகிறவர்கள், முடிந்தபின் ஒன்றிரண்டு நாள் தங்கிச் சுற்றிப் பார்க்க நினைக்கும்போது திரும்பத் திரும்ப எங்களிடம் கேட்பவை இவை. பெரும்பாலான பதில்களில் ஏலகிரியே வருகிறது. காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாநாடு முடியுது, திங்கக்கிழமை ஆபீஸ். நடுவுல இருக்கிற ரெண்டு நாளைக்கு எங்க போறது?

நீங்கள் எந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், பெங்களூரு பக்கம் திரும்புகிறவர்களுக்கு ஏலகிரி. அந்த ஊர்களுக்குக் காட்பாடியிலிருந்து போகும் ரயில்கள் ஜோலார்பேட்டை வழியாகத்தான் போகின்றன. ஏலகிரி மலை ஜோலார்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி ஏறுவதால், சுற்றிப் பார்க்கப் போன தூரத்தை மறுபடி திரும்பி வர வேண்டியதில்லை. சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு அதே ஏலகிரி எதிர்த்திசை. காட்பாடியைத் தாண்டி ஏறக்குறைய 85 கிலோமீட்டர் மேற்கே போய், அதே தூரம் திரும்ப வேண்டும். அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு நாளில் மூன்று இடம் என்று போடும் திட்டம் பெரும்பாலும் பேருந்து நிலையங்களிலேயே தீர்ந்துவிடும். மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து உரை கேட்ட உடம்புக்கு ஒரே இடத்தில் தங்குவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து.

ஏலகிரின்னா, வெள்ளிக்கிழமை ராத்திரியே மேல போயிடலாமா? ஒரு நாள் வாடகை மிச்சமாகுமே.

நிறைவு விழா நாலரைக்கு முடிந்து, சான்றிதழ் வாங்கி, அறையைக் காலி செய்து காட்பாடி ரயில் நிலையம் சேர ஆறு மணி ஆகிவிடும். வேகமான ரயில் கிடைத்தாலும் ஜோலார்பேட்டைக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து மலையடிவாரப் பொன்னேரிக்குப் போய், 14 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் ஏற வேண்டும். மாலைக்குப் பின் மலைப் பேருந்து குறைந்துவிடும். அந்த நேரத்தில் கிடைக்கும் ஆட்டோவோ காரோ திரும்பி வரும் வெற்று ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கும். மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

நாங்கள் சொல்லும் கணக்கு: மாலை 5 மணிக்குள் பொன்னேரியில் இருக்க முடிந்தால் அன்றே ஏறுங்கள். முடியாதென்றால் அன்றிரவு வேலூரிலேயே தங்கிச் சனிக்கிழமை காலை கிளம்புங்கள். கடைசி நாள் நிகழ்ச்சி மதியத்தோடு முடிகிறது என்றால் மட்டும் அன்றே ஏறுவது எளிதாக அமையும்.

அப்போ வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாநாட்டு அறையையே ஒரு நாள் நீட்டிச்சுக்கலாமா?

நீட்டிக்கலாம், ஆனால் முதல் நாளே கேளுங்கள். மாநாட்டுக்காக மொத்தமாகப் பிடித்த அறைகளின் சலுகை வாடகை மாநாட்டுத் தேதியோடு முடிந்துவிடும். கூடுதல் இரவுக்கு வழக்கமான வாடகை போடுவார்கள், சில இடங்களில் அந்த அறையே வேறொருவருக்குப் பதிவாகியிருக்கும். அந்த ஓர் இரவுக்குத் தனி பில் உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். அலுவலகக் கணக்கில் இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வருகிறது.

வேறு அறை தேடுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வெளிமாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். அந்தப் பகுதியில் கடைசி நேரத்தில் அறை கிடைப்பது கடினம். புதிய பேருந்து நிலையம் பக்கமோ காட்பாடி பக்கமோ பாருங்கள்; மறுநாள் காலை கிளம்பவும் அதுதான் வசதி. விடுதியில் கணக்கு 24 மணி நேரமா, நண்பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சனி ஞாயிறு ரெண்டு நாளையும் மணிக்கணக்கா சொல்லுங்களேன். நான் கோயம்புத்தூர் திரும்பணும், கார் இல்லை.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஆம்பூர், வாணியம்பாடி வழி திருப்பத்தூர் போகும் பேருந்தில் ஏறுங்கள். நடத்துனரிடம் ஏலகிரி மலைக்குப் போகும் பொன்னேரி கூட்டுரோட்டில் இறக்கிவிடச் சொல்லுங்கள். பொன்னேரி என்று மட்டும் கைப்பேசி வரைபடத்தில் தட்டினால் சென்னைக்கு வடக்கே இருக்கும் பொன்னேரியைக் காட்டக்கூடும். அதைப் பார்த்துப் பலர் குழம்பியிருக்கிறார்கள். ஒன்பதரை, பத்து மணிக்குப் பொன்னேரி. அங்கே திருப்பத்தூரிலிருந்து வரும் மலைப் பேருந்துக்குக் காத்திருக்கலாம், நாலைந்து பேர் சேர்ந்தால் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். ஏறும்போது சன்னலோரம் உட்காருங்கள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள்; பாரியும் கபிலரும் பலகையில் கடந்து போவார்கள். வாந்தி வரும் உடம்பு என்றால் காலை உணவைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

விடுதிகள் பெரும்பாலும் அத்தனாவூரைச் சுற்றி இருக்கின்றன. நண்பகலுக்கு முன் அறை தரமாட்டார்கள், பையை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளியே போகலாம். மதியச் சாப்பாடு, தூக்கம், நாலு மணிக்குமேல் புங்கனூர் ஏரி. சனிக்கிழமை படகுக்கு வரிசை நீளமாக இருக்கும், பெங்களூரிலிருந்து வருகிறவர்களின் கூட்டம் அன்றுதான் உச்சம். படகு வேண்டாமென்றால் நிலாவூர் சாலையில் நடந்து போங்கள், கூட்டம் ஏரியோடு நின்றுவிடும்.

ஞாயிறு காலை 6 மணிக்குச் சுவாமிமலை ஏற்றம். மங்கலம் கிராமத்திலிருந்து பாதை தொடங்குகிறது. வழக்கமாக நடப்பவருக்கு ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி போதும். வழியில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போங்கள். மாநாட்டுக்கு அணிந்து வந்த தோல் செருப்பும் வழுக்கும் ஷூவும் இதற்கு உதவாது. பெட்டியில் ஒரு ரப்பர் அடிப்பாகச் செருப்போ கேன்வாஸ் ஷூவோ ஊரிலிருந்தே வைத்து வர வேண்டும். பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்து, மதியம் சாப்பிட்டு, 2 மணிக்கு மலை இறங்கினால் மூன்றரைக்கு ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து வரும் கோவை இன்டர்சிட்டி மாலை ஐந்து மணி வாக்கில் அங்கே வரும், இரவு பத்தரைக்குள் கோயம்புத்தூர். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ்ல ஏற்கனவே காட்பாடியிலிருந்து டிக்கெட் போட்டுட்டாங்க. ஜோலார்பேட்டையில ஏறிக்கலாம் இல்ல? எப்படியும் அதே ரயில்தானே?

சொல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். காட்பாடியில் நீங்கள் ஏறவில்லை என்று பரிசோதகர் குறித்துவிட்டால், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு உங்கள் படுக்கை போய்விடலாம். அதற்கென்று ஏறும் நிலையத்தை மாற்றும் வசதி இருக்கிறது. எந்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் டிக்கெட் எடுத்தார்களோ அதே கணக்கில் நுழைந்து மாற்ற வேண்டும். எனவே அலுவலகத்தில் டிக்கெட் போட்டவரிடமே கேளுங்கள். பயணிகள் அட்டவணை தயாராகும் முன்பு முடிக்க வேண்டும். கடைசி மணி நேரத்துக்கு விடாமல் ஒரு நாள் முன்பே செய்துவிடுங்கள்.

மாற்றியபின் காட்பாடியில் ஏறும் உரிமை போய்விடும். மலைக்குப் போகும் திட்டம் கலைந்து, காட்பாடியிலேயே ஏறிவிடலாம் என்று நினைத்தால் டிக்கெட் இல்லாதவராகத்தான் நடத்துவார்கள். கட்டண வித்தியாசமும் திரும்பி வராது. டிக்கெட் வெள்ளிக்கிழமை தேதிக்கு எடுத்திருந்தால் இந்த வசதி உதவாது. அதை ரத்து செய்து ஞாயிறுக்குப் புதிதாக எடுக்க வேண்டும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும் என்பதால் முடிவெடுத்த அன்றே ரத்து செய்யுங்கள். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. மாநாட்டுத் தேதி தெரிந்ததும் திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே ஞாயிறு, ஜோலார்பேட்டை என்று போடச் சொல்வதே நல்ல வழி.

ஞாயிறு ராத்திரி ரயில்ல போனா இன்னும் அரை நாள் கிடைக்குமே?

கிடைக்கும், ஆனால் தேதியைக் கவனியுங்கள். சென்னையில் இரவு கிளம்பும் சேரன் போன்ற விரைவு ரயில்கள் ஜோலார்பேட்டைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். ஞாயிறு இரவு என்று நாம் சொல்வது டிக்கெட்டில் திங்கள் தேதி. ஞாயிறு என்று தேடிப் பதிவு செய்தால் அது சனிக்கிழமை சென்னையில் கிளம்பிய வண்டி; நீங்கள் மலையில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது போயிருக்கும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. ரயிலைப் பிடிக்க நிலையத்துக்கு வந்தபின்தான் தெரிய வரும், அப்போது டிக்கெட் பணமும் வராது.

மலையிலிருந்து இருட்டுமுன் இறங்கிவிட வேண்டியிருப்பதால், நள்ளிரவு வரை ஜோலார்பேட்டை நிலையத்தில் காத்திருக்கவும் நேரும். அதனால் மாலை ரயிலையே பரிந்துரைக்கிறோம். ஞாயிறு மாலைக்கு இடம் கிடைக்காதபோது மட்டும் இரவு ரயில்.

ஜலகாம்பாறை அருவியும் ஏலகிரிதானே? ஞாயித்துக்கிழமை காலையில அங்க போயிட்டு வந்துடலாமா?

அருவி அதே மலையில் பிறந்தாலும், மேலே இருந்து வண்டிப் பாதை கிடையாது. மலை இறங்கி, திருப்பத்தூர் போய், மலையின் மறுபக்கத்திலிருந்து அணுக வேண்டும். சுவாமிமலை ஏற்றம், அருவி இரண்டையும் ஒரே காலையில் வைத்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அருவி வேண்டுமென்றால் ஏற்றத்தை விட்டுவிட்டு, ஞாயிறு காலை 9 மணிக்கே பெட்டியோடு மலை இறங்கித் திருப்பத்தூர் வழி போய், அப்படியே ஜோலார்பேட்டைக்கு வந்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில்தான் அங்கே நல்ல தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் பாறையைத்தான் பார்த்துத் திரும்புவீர்கள்.

காவலூர் வானாய்வகத்துக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஆசை. ஏலகிரிக்குப் பதிலா அங்க போகலாமா?

வானியலில் ஆர்வம் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் வைணு பாப்பு வானாய்வகம் இது. இங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம் என்பதால் வெள்ளியோடு முடியும் மாநாட்டுக்கு இது பொருந்தி வரும். வானம் பார்க்க விடும் மாதங்களும் நேரமும் மாறுவதால், கிளம்பும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வார அறிவிப்பைப் பாருங்கள். மழைமேகம் இருந்தால் தொலைநோக்கி திறக்காது. நிலாவும் முக்கியம்: பௌர்ணமியை ஒட்டிய சனியில் வானம் வெளுத்திருக்கும், மங்கலான பொருள்கள் தெரியாது. பேருந்து மிகக் குறைவு, காட்டுச் சாலை, கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும். வாணியம்பாடியிலிருந்தோ வேலூரிலிருந்தோ காரில் போய்த் திரும்புவதுதான் சரி. டீசலை ஆலங்காயத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நாங்க நாலு பேர், கார் எடுக்கலாம்னு இருக்கோம். வாடகை பேசும்போது என்ன கேட்கணும்?

கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா இரவுக்குத் தனியா, மலைப் படி உண்டா, சுங்கம் யார் தலையில் என்ற நான்கையும் கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஏலகிரி வேலூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காரை இரண்டு நாளும் மேலேயே நிறுத்தி வைத்தால், ஓடாத நாளுக்கும் குறைந்தபட்சக் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். சனிக்கிழமை மேலே கொண்டுபோய் விட மட்டும் ஒரு வண்டி, ஞாயிறு ஜோலார்பேட்டைக்கு இறங்க உள்ளூர் வண்டி என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

காரில் போவதில் ஒரு நல்லது, ஆம்பூரில் நிறுத்தலாம். காலை 7 மணிப் பேருந்தில் போகிறவருக்கு ஆம்பூர் எட்டரைக்கு வந்துவிடும், பிரியாணி அப்போது தம்மில்கூட ஏறியிருக்காது. பத்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றரை மணிக்கு முதல் தேக்சா திறக்கும் நேரத்தில் இருப்பீர்கள். சீரகச் சம்பா அரிசியில் செய்த பிரியாணி, கூடவே எண்ணெய்க் கத்தரிக்காய். அரைத் தட்டோடு நிறுத்திக்கொண்டால் 14 வளைவும் சுகமாகப் போகும்.

நான் சென்னைக்குத் திரும்பணும். எனக்கு என்ன வழி?

வேலூரிலேயே ஒரு நாள், கிழக்கே போகும் வழியில் அரை நாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோட்டை. அகழிக் கரையை ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். முகப்புக் கல்யாண மண்டபத்தின் தூண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமல் இருந்த கோயில் இது. 1981-ல்தான் லிங்கத்தைத் திரும்ப எழுந்தருளச் செய்து வழிபாடு தொடங்கியது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. மாநாட்டின் கடைசி நாள் மாலை ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான்.

மாலையில் ஸ்ரீபுரம் பொற்கோயில். நட்சத்திர வடிவப் பாதையே ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குமேல் வரும், வரிசையோடு சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை, கைப்பேசியும் மடிக்கணினியும் உள்ளே போகாது. எனவே மாநாட்டுப் பையை அறையிலேயே விட்டு வாருங்கள். ஞாயிறு காலை சென்னை போகும் வழியில் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொள்ளலாம். அது ஒன்றிரண்டு நாளில் சுவை மாறிவிடும், அலுவலகத்துக்கு வாங்குவதானால் கடைசி நிறுத்தமாக வையுங்கள்.

பக்கத்துலதானே திருப்பதியும் திருவண்ணாமலையும்?

தரிசன டிக்கெட் கையில் இல்லாமல் வார இறுதியில் திருமலைக்குக் கிளம்ப வேண்டாம். 300 ரூபாய் டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் தீர்ந்துவிடும். திருவண்ணாமலை வேலூரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். விழுப்புரம், திருச்சி, மதுரை பக்கம் திரும்புகிறவர்களுக்கு முதல் கேள்வியில் சொன்ன அதே காரணத்தால் இதுதான் ஏற்றது. மாநாட்டு வாரத்தில் பௌர்ணமி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம், அறையும் பேருந்தும் கிடைப்பது அரிது.

ஆபீஸ் பணத்துல வந்துட்டு ரெண்டு நாள் சுத்தினா பிரச்சினை வராதா?

முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் வராது. அரசு ஊழியராக இருந்தால் சனி ஞாயிறு விடுமுறை என்பதால் மட்டும் வெளியூரில் இருந்துவிட முடியாது. தலைமையிடத்தை விட்டு வெளியே இருக்க அனுமதி வேண்டும், மாநாட்டு அனுமதி விண்ணப்பத்திலேயே அதைச் சேர்த்துக் கேளுங்கள். சொந்த நாட்களுக்குத் தினப்படி கிடையாது. தனியார் நிறுவனங்களிலும் பொது வழக்கம் இதுதான். மேலதிகாரிக்கு இப்படி மூன்று வரி போதும்: “மாநாட்டுப் பணி வெள்ளி மாலையோடு முடிகிறது. சனி, ஞாயிறு இரு நாளும் சொந்த நாட்கள்; அவற்றுக்குத் தங்கும் செலவோ படியோ கோரமாட்டேன். திரும்பும் பயணம் ஞாயிறு மாலை ஜோலார்பேட்டையிலிருந்து.”

திரும்பும் கட்டணத்தில்தான் சிக்கல் வரும். நேர்வழியில், மாநாடு முடிந்த அன்று திரும்பியிருந்தால் ஆகும் தொகைக்குமேல் தரமாட்டார்கள். எனவே பதிவு செய்யும் நாளிலேயே வெள்ளி இரவு காட்பாடி–கோயம்புத்தூர் கட்டணத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவு கேட்கும்போது அந்தத் தேதியின் கட்டணத்தைத் தேடி எடுக்க முடியாது. வெள்ளி இரவு அறைக்குத் தனி பில் வாங்கச் சொன்னதும் இதற்காகத்தான்: மாநாட்டு நாட்களோடு ஒரே பில்லாக இருந்தால், எந்த இரவு யாருடையது என்று பிரிக்கச் சொல்லி முழு பில்லையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மே மாசத்துல மாநாடு. ஏலகிரி குளுகுளுன்னு இருக்குமா?

ஊட்டியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம்தான், ஊட்டியில் பாதி. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மேலே பகலில் வியர்க்கத்தான் செய்யும். காலையும் இரவும்தான் இதம். மே மாதக் கோடை விழாவை ஒட்டி அறை வாடகையும் ஏறும். அந்த மாதத்தில் மாநாடு வியாழனோடு முடிகிறது என்றால் வெள்ளிக்கு விடுப்பு எடுத்து, வெள்ளி காலை ஏறிச் சனி மதியம் இறங்கிவிடுங்கள். கூட்டம் மேலே ஏறும்போது நீங்கள் கீழே வந்துகொண்டிருப்பீர்கள், ஞாயிறு வீட்டில் துணி துவைக்கவும் நேரம் இருக்கும்.